வாட்ச் காட்டிய 25 நொடியும் உண்மையான 37.7 நொடியும்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் ஐ.இ. எனும் தொழிற்பொறியியல் பிரிவில் சேர்ந்த புதிதில், டி-ஷர்ட் பேக்கிங்கிற்கு ஆகும் நேரத்தை அளக்கும் டைம் ஸ்டடி எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சட்டையை அட்டை வைத்து மடிப்பது, பாலிபேக்கில் போட்டு ஒட்டுவது, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி அட்டைப்பெட்டியில் அடுக்குவது என மூன்று எலிமென்டுகளாக வேலையைப் பிரித்துக்கொண்டேன். மேஜையில் மிக வேகமாக வேலை செய்த அக்காவிடம் முப்பது சுற்றுகள் அளந்ததில் சராசரி முறையே 13, 8, 4 நொடிகள், மொத்தம் 25 நொடி என்று வந்தது. மணிக்கு 144 என்று இலக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மேஜை ஒரு நாளும் நூறைத் தாண்டவில்லை. பழி பெண்கள் மீது விழுந்தது.

அந்த அக்காவே ஒரு நாள் என்னிடம், "தம்பி, நீங்க வாட்ச் பிடிச்சு நின்ன அரை மணி நேரம் நான் ஓடுன ஓட்டத்த நாள் பூரா ஓட முடியுமா?" என்று கேட்டார். வேலை செய்பவரின் வேகத்தை மதிப்பிடும் ரேட்டிங்கே போடாமல் நான் விட்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுபடியும் அளக்கும் முன் ரேட்டிங்கைப் பழகினேன். 100 என்பதை ஊக்க ஊதியத்திற்கு உழைக்கும் தேர்ந்த தொழிலாளியின் வேகமாகக் கொள்ளும் அளவுகோலில், மணிக்கு 4 மைல் நடப்பதும், 52 சீட்டுகளை 0.375 நிமிடத்தில், அதாவது 22.5 நொடியில் பகிர்ந்து போடுவதும் 100க்குச் சமம். அந்த வேகம் கண்ணில் பதியும் வரை நடையையும் சீட்டையும் பார்த்துப் பழகிய பிறகே மேஜைக்குப் போனேன். இந்த முறை வேகத்தில் மாறுபட்ட மூன்று பெண்களை, அவர்களிடம் விவரம் சொல்லிவிட்டு அளந்தேன். வாட்சைப் பார்த்த பின் ரேட்டிங் போட்டால் நேரம் நம் மதிப்பீட்டை இழுத்துவிடும் என்பதால், ஒவ்வொரு எலிமென்டுக்கும் கை அசைவைப் பார்த்து ரேட்டிங்கை முதலில் எழுதி, அதன் பிறகே நேரத்தைக் குறித்தேன்.

ரேட்டிங் சரியா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரே எலிமென்டில் நேரத்தையும் ரேட்டிங்கையும் பெருக்கி 100ஆல் வகுத்தால், வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் ஏறக்குறைய ஒரே அடிப்படை நேரம், அதாவது 100 வேகத்தில் ஆகும் நேரம் வர வேண்டும். முதல் நாள் மடிப்பில் 13 நொடிக்கு 110 போட்டு 14.3 என்றும், 17 நொடிக்கு 100 போட்டு 17 என்றும் கிடைத்தது. வேக வேறுபாடு முழுவதையும் என் ரேட்டிங் பிடிக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் புதிதாக எடுத்த ஸ்டடியில் 13 நொடிக்கு 120, 14க்கு 110, 17க்கு 90 என்று அமைந்து, அடிப்படை நேரம் 15.6, 15.4, 15.3 என ஒன்றோடொன்று நெருங்கி வந்தது. எல்லாச் சுற்றுகளின் சராசரி மடிப்புக்கு 15.5, பாலிபேக்கிற்கு 9.2, ஸ்டிக்கருக்கு 4.2 நொடி.

முதல் ஸ்டடியில் நான் விட்டவை இரண்டு. பெட்டியை விரித்து, நிரம்பியதும் டேப் ஒட்டி நகர்த்த 72 நொடி ஆனது. ரேட்டிங் 90 என்பதால் 64.8 நொடி. ஒரு பெட்டிக்கு 24 சட்டைகள் ஆகவே ஒன்றுக்கு 2.7 நொடி சேர வேண்டும். அடுத்து, பாலிபேக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் நீண்டுபோன சுற்றுகளை முன்பு "வழக்கத்திற்கு மாறானவை" என்று அடித்துவிட்டிருந்தேன். முப்பதில் மூன்று முறை அப்படி நடந்தால் அது வேலையின் பகுதிதான். கைபேசிக்கு ஓடியது போன்றவற்றை மட்டுமே நீக்கலாம். ஒவ்வொரு தடவையும் 6 நொடி கூடுதல் என்பதால் சட்டைக்கு 0.6 நொடி. ஆக மொத்த அடிப்படை நேரம் 32.2 நொடி.

ஓய்வுக்கும் தடங்கலுக்கும் அடிப்படை நேரத்தின் மேல் கூட்டும் அலவன்ஸில்தான் மேலாளரோடு நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வு நூலில் உள்ள அட்டவணைப்படி, பெண்களுக்குச் சொந்தத் தேவைக்கு 7, அடிப்படைச் சோர்வுக்கு 4, நின்று செய்வதற்கு 4 என 15 சதவீதம். எதிர்பாராத சிறு தடங்கலுக்கு 2, ஆக 17. "டீ பிரேக்தான் தருகிறோமே, பிறகு எதற்கு இது?" என்றார் அவர். அலவன்ஸும் சேர்ந்ததுதான் 480 நிமிட ஷிப்ட் என்பதால், 117இல் 15 பங்காக அந்த 15 சதவீதம் சுமார் 61.5 நிமிடம் ஆகிறது. இரண்டு டீ இடைவேளையின் 20 நிமிடம் அதற்குள் அடங்கும், அதற்கு மாற்றாகாது என்று கணக்கைக் காட்டினேன். டீ நேரத்தைக் கழிக்காமல் 480 நிமிடத்தையும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

```
32.2 × 1.17 = 37.7
3600 ÷ 37.7 = 95
```

ஸ்டாண்டர்ட் டைம் 37.7 நொடி, மணிக்கு 95 சட்டைகள். பழைய இலக்கு எடுக்கப்பட்டு, இது மேஜைக்கு மேலே எழுதப்பட்டது. அடுத்த ஆர்டரில் மடிப்புக்கு இடையே டிஷ்யூ தாள் வைக்கச் சொன்னபோது, மடிப்பு எலிமென்டை மட்டும் திரும்ப அளந்து எண்ணை மாற்றினேன்.