வான்கெல் எஞ்சின் மாடல்: முனை சீலோடு மூன்று மாதம்

பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழன்று ஓடும் வான்கெல் எஞ்சினின் மாடல் ஒருவழியாகச் சுற்றுகிறது. 20 மி.மீ. கனத்தில் பிளைவுட் கூடு, உள்ளே முக்கோண ரோட்டர், முன்பக்கம் அக்ரிலிக் மூடி. நாகர்கோவிலில் ஒரு கடையில் கூட்டையும் ரோட்டரையும் சிஎன்சியில் வெட்டிக் கொடுத்தார்கள். பற்சக்கரங்களை நைலான் பலகையில் வெட்டினோம்.

கூட்டின் உள்வடிவம் இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டம் போல இருக்கும். அதைக் கையால் வரைய முடியாது, இந்தச் சமன்பாட்டில்தான் வரைந்தேன்:

```
x = e*cos(3t) + R*cos(t)
y = e*sin(3t) + R*sin(t)
```

R என்பது ரோட்டர் நடுவிலிருந்து முனை வரை உள்ள தூரம், 70 மி.மீ. வைத்தேன். e என்பது தண்டின் மையத்துக்கும் ரோட்டரின் மையத்துக்கும் உள்ள விலகல், 10 மி.மீ. ரோட்டருக்குள் 60 பல் உள்சக்கரம், அது கூட்டில் அசையாமல் நிற்கும் 40 பல் சக்கரத்தின் மேல் உருளுகிறது. இதனால் தண்டு மூன்று சுற்று சுற்றும்போது ரோட்டர் ஒரே சுற்றுதான் சுற்றும், மூன்று முனைகளும் எப்போதும் சுவரை ஒட்டியே போகும். முனைகளுக்கு இடையில் மூன்று அறைகள். ஒவ்வொரு அறையும் பெருத்துச் சிறுத்து, காற்றை இழுத்து, அமுக்கி, எரித்து, வெளியே தள்ளுகிறது. வால்வு கிடையாது, துளைகளை ரோட்டரே திறந்து மூடிக்கொள்கிறது. மூன்று முகமும் முறை வைத்து எரிவதால் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு.

சுற்றிப் பார்க்க அவ்வளவு அழகு. குளச்சலில் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின்களைப் பிரித்து மாட்டும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையால் நாலு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், ரிங்கு எங்க கெடக்கு மக்கா?" என்று கேட்டார். இந்த மூன்று மாதமும் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் போனது.

பிஸ்டனில் ரிங் முழு வட்டமாகச் சிலிண்டரை அணைத்து நிற்கும். இங்கே அந்த வேலையை முனையில் ஒரு பள்ளத்தில் உட்காரும் மெல்லிய பட்டை செய்ய வேண்டும். அதுதான் முனை சீல். காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையிலிருந்து 3 மி.மீ. கனத்தில் மூன்று பட்டை அறுத்து, நுனியை உருட்டித் தேய்த்தேன். நுனி 1.5 மி.மீ. ஆரத்தில் உருண்டிருப்பதால், கூட்டின் சுவரையும் வரைந்த கோட்டிலிருந்து அதே 1.5 மி.மீ. வெளியே தள்ளித்தான் வெட்ட வேண்டும்.

நுனியில் மார்க்கர் மை பூசி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். நடுவில் ஒன்றேகால் மி.மீ. அகலத்துக்கு மை அழிந்திருந்தது. காரணம், சீல் சுவருக்கு நேர் குத்தாக நிற்பதே இல்லை. ஒரு பக்கம் சாய்கிறது, நிமிர்கிறது, மறுபக்கம் சாய்கிறது. அதிகபட்ச சாய்வின் சைன் 3e/R, அதாவது 3/7, சுமார் 25 பாகை. இப்படிச் சாய்ந்தாடும் பட்டையின் நுனி தட்டையாக இருக்க முடியாது. உருண்டையாக இருந்தால் எந்த நொடியிலும் ஒரே ஒரு கோடுதான் சுவரைத் தொடும். எரியும் வாயுவுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே இருப்பது அந்தக் கோடு மட்டும்.

அடுத்து வேகம். முதலில் சீலுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைக்கவில்லை. சுற்றும் வேகமே பட்டையை வெளியே தள்ளிவிடும் என்று நினைத்தேன். டிரில் மெஷினில் மாட்டித் தண்டை நிமிடத்துக்கு 600 சுற்று ஓட்டியதும் 'டக் டக்' என்று சத்தம். இரண்டு இடுப்புகளிலும் அக்ரிலிக் வழியே சீல் உள்ளே விழுவது தெரிந்தது. அன்று இரவு கணக்குப் போட்டேன். நீண்ட பக்கத்தில் தண்டின் சுழற்சியும் ரோட்டரின் சுழற்சியும் சேர்ந்து சீலை வெளியே எறிகின்றன. இடுப்பில் ஒன்றுக்கு எதிராக இன்னொன்று வேலை செய்கிறது. R, e-யைப் போல 9 மடங்குக்குக் குறைவாக இருந்தால் இடுப்பில் சீல் உள்நோக்கித்தான் போகும். என் மாடலில் 7 மடங்கு. ஜப்பானின் மாஸ்டா கார் நிறுவனம் செய்த 13பி வான்கெல் எஞ்சினிலும் R 105 மி.மீ., e 15 மி.மீ., அதே 7 மடங்குதான். 6000 சுற்றில் அந்த இடத்தில் சீலைச் சுவரை விட்டுப் பிரிக்கும் விசை அதன் எடையைப் போல 130 மடங்குக்கும் மேல் வருகிறது.

ஆகவே ஸ்பிரிங் வேண்டும், அதற்கு மேல் வாயு அழுத்தமும் வேண்டும். அழுத்தம் அதிகமான அறையிலிருந்து வாயு பள்ளத்துக்குள் புகுந்து சீலைப் பின்னாலிருந்து உந்துகிறது. ஆனால் எந்தப் பக்கத்து அறையில் அழுத்தம் அதிகம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். மாறும்போது சீல் பள்ளத்தின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குத் தாவ வேண்டும். அந்த இடைவெளியில் கசிவு, கூடவே அதிர்வு.

மாஸ்டா 1960களில் இதில்தான் சிக்கியது. சோதனை எஞ்சின்களைப் பிரித்தால் சுவரில் அலை அலையாகக் கீறல். பொறியாளர்கள் அதைப் பேயின் நகக்கீறல் என்றே சொன்னார்கள். அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் வந்த பிறகுதான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவர முடிந்தது. வான்கெலின் எஞ்சினை முதலில் உருவாக்கிய ஜெர்மனியின் என்.எஸ்.யூ. நிறுவனமும் அதே ஆண்டில் ரோ 80 காரை இறக்கியது. அதன் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. உத்தரவாதத்தில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே நொந்த அந்த நிறுவனம் 1969இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது. எனக்கு அந்தக் காரின் மேல் இன்றும் வருத்தம் உண்டு. காலத்தை மிஞ்சிய வடிவம் அது.

வான்கெல் எஞ்சின் மேல் இன்னொரு குறையும் உண்டு, எரிபொருள் அதிகம் குடிக்கும். அது ஏன்? கசிவு மட்டும் காரணமில்லை. எரியும் நேரத்தில் அறை எப்படி இருக்கிறது என்று வரைபடத் தாளில் வரைந்து பார்த்தேன். என் மாடலில் ஒரு அறை முழுதாகப் பெருப்பதற்கும் சிறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் சுமார் 73 சிசி. பெருத்த அறையை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்குவதாக வைத்தால் கடைசியில் 9 சிசி மிஞ்சும். அந்த 9 சிசி 12 செ.மீ. நீளத்துக்கு, கல்லில் பரத்திய தோசை மாவு போலக் கிடக்கிறது. சுற்றியுள்ள பரப்பு சுமார் 57 சதுர செ.மீ. அதே 9 சிசி 45 மி.மீ. பிஸ்டனின் மேல் இருந்தால் 40 சதுர செ.மீ. போதும். கூடுதல் பரப்பு முழுவதும் குளிர்ந்த உலோகம். அது சூட்டை உறிஞ்சுகிறது, ஓரத்தில் தீயை அணைக்கிறது.

போதாக்குறைக்கு அறை நகர்ந்துகொண்டே இருக்கிறது. வாயு சுழலும் திசையில் ஓடுவதால் தீ முன்னால் எளிதாகப் பரவும், பின்வாலுக்குப் போய்ச் சேராது. இரண்டு ஸ்பார்க் பிளக் வைப்பதும் இதற்காகத்தான். அப்படியும் வாலில் எரியாமல் நிற்கும் பெட்ரோல் புகையோடு போய்விடும். சீல் தேயாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாக விடும் ஆயிலும் எரிகிறது. இதைச் சொன்னபோது குளச்சல் அண்ணன், "அப்ப நம்ம டூ ஸ்ட்ரோக்கு கணக்குதான்" என்றார். ஆயிலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது இந்த எஞ்சின் மேல் விழுந்த அடி இங்கிருந்து வந்ததுதான்.

இப்போது பழைய அளவு டேப்பின் இரும்பை வெட்டி, லேசாக வளைத்து, ஸ்பிரிங்காக வைத்திருக்கிறேன். 'டக் டக்' நின்றுவிட்டது. நேற்று பிளக் துளை வழியாக சிரிஞ்சில் ஊதுபத்திப் புகையைச் செலுத்திப் பார்த்தேன். சீல் நுனியில் ஒரு இழைகூடத் தாண்டவில்லை. ஆனால் சீலின் பக்கவாட்டு முனை அக்ரிலிக்கைத் தொடும் மூலையில், நூல் போலப் புகை அடுத்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. முனை சீலும், ரோட்டரின் தட்டையான பக்கத்தில் ஓடும் முகப்புச் சீலும் சந்திக்கும் அந்த மூலையில் அசல் எஞ்சினில் ஒரு சின்ன உருளை இருக்கும், நடுவில் பிளந்து முனை சீலின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். 8 மி.மீ. நைலான் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். ஆறு உருளை கடைந்து பிளக்க வேண்டும்.