17 லோடு மாம்பழமும் ஆடிட்டர் கையெழுத்தும்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவருக்குப் பல வருடமாக நான்தான் ஆடிட்டர். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, வருட விற்பனை 9 கோடிக்குப் பக்கம். விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கம்பெனி என்று பதிவு செய்துவிட்டால் ஆடிட் கட்டாயம். அவர் சம்மதத்தோடு, அடையாளத்தை மறைத்து, எண்களைத் தோராயமாக்கி இதை எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பழைய விவசாயி ஒருவரிடம் "போன சீசன்ல மூணு லோடு பெங்களூரா மாம்பழம் போட்டீங்களே, காசு சரியா வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் மாமரத்தை வெட்டிவிட்டு ரோஜா போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மறுநாள் காலை முதலாளி என் ஆபீசில் இருந்தார்.

"ஆடிட்டர் சார், கணக்கு சரின்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப இது என்ன?"

கோபத்தில் நியாயம் இருந்தது. ஆடிட் என்றால் ஒவ்வொரு பில்லும் பார்க்கப்படும், திருட்டு இருந்தால் தெரிந்துவிடும், ஆடிட் முடிந்தால் வரி நோட்டீஸ் வராது என்றுதான் அவர் நம்பியிருந்தார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

முதலில் என்ன நடந்தது என்று பார்த்தோம். எடைமேடை கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளை வண்டி எண், நேரம் வாரியாக அடுக்கியதும் வெளியே வந்துவிட்டது. பழம் ஏற்றி வந்த பிக்கப் ஒருமுறை எடை போடப்பட்டிருக்கிறது. கால் மணி நேரத்துக்குள் அதே வண்டி, ஏறக்குறைய அதே எடையோடு, வேறொரு விவசாயி பேரில் மறுபடியும். எடை போட்டவரும் பில் போட்டவரும் கூட்டு. விவசாயிக்கு நேரடியாகத் தரும் விளைபொருள் பணம் என்பதால் ரொக்கமாகக் கொடுக்க வருமான வரிச் சட்டத்திலும் தடை இல்லை. மொத்தம் 17 லோடு, லோடுக்கு ஒன்றரை டன், கிலோ 15 ரூபாய். சுமார் 3.8 லட்சம்.

ஆடிட் ஏன் இதைப் பிடிக்கவில்லை என்பதை எங்கள் பணிக்கோப்பை மேசையில் விரித்து வைத்துத்தான் சொன்னேன். வாயால் சொன்னால் சாக்குப் போலத் தெரியும்.

அந்த வருடம் வாங்கியது 3,000 டன் பழம், கிடைத்தது 1,560 டன் கூழ், அதாவது 52 சதவீதம். வராத 25 டன்னைக் கழித்துவிட்டுப் போட்டால் 52.4. பழத்தின் முதிர்ச்சி, மழை, கழிவு இவற்றைப் பொறுத்து இந்தத் தொழிற்சாலையிலேயே ஒரு வருடம் 51, இன்னொரு வருடம் 53.5 என்று வந்திருக்கிறது. அரைப் புள்ளி வித்தியாசத்தை வைத்து யாரும் சந்தேகப்பட முடியாது. ஒருவேளை 200 டன் இல்லாத பழம் கணக்கில் ஏறியிருந்தால் சதவீதமே காட்டிக்கொடுத்திருக்கும்.

"சரி, பில்லைப் பாத்தீங்கல்ல?" என்றார். பார்த்தோம். சீசனில் சுமார் 2,000 பில். அதில் 60 எடுத்தோம். 2,000-ல் 17 போலி என்றால், 60-ல் ஒன்றாவது மாட்ட 40 சதவீத வாய்ப்புதான். கால்குலேட்டரில் அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். அதைவிட முக்கியமானது, மாட்டியிருந்தாலும் அந்தக் காகிதத்தில் குறை இருந்திருக்காது. எடைச்சீட்டு உண்டு, பில் உண்டு, வவுச்சரில் கையெழுத்தும் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து தயாரித்த கச்சிதமான ஆவணத்தை, காகிதத்தோடு காகிதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவனால் பிரித்தறிய முடியாது. ஆடிட்டர் கையெழுத்து நிபுணரும் இல்லை.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லும்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. ஆடிட் தொடங்கும்போதே, எவ்வளவு தொகைக்கு மேல் தவறு இருந்தால் கணக்கைப் படிக்கிறவரின் முடிவு மாறும் என்று ஓர் அளவு வைத்துக்கொள்வோம். அந்த வருடம் அது 6 லட்சம். "அப்ப 6 லட்சம் வரைக்கும் திருடலாமா சார்?" என்றார். இல்லை. சின்னத் தொகையிலும் திருட்டு கண்ணில் பட்டால் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் வேலையைத் திட்டமிடுவது அந்த அளவை வைத்துத்தான். பாங்குக்காரரோ பங்குதாரரோ இந்தக் கணக்கை நம்பி முடிவெடுக்கலாமா என்ற கேள்விக்குத்தான் அறிக்கை பதில் சொல்கிறது. 9 கோடியில் 3.8 லட்சம் அந்தப் பதிலை மாற்றாது. அவர் பெட்டியிலிருந்து போன பணம் என்று பார்த்தால் அது பெரிய தொகைதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அதே வருடம் 24 மாதம் தாண்டிய டப்பாக் கூழை முழு விலைக்கு இருப்பில் காட்டியிருந்தார்கள். குடோனில் டப்பாவின் தேதியைப் பார்த்து, 14 லட்சம் குறைக்கச் சொன்னோம். அன்றைக்கும் என்மேல் கோபப்பட்டவர் இவர்தான். ஆடிட் பிடிக்க வேண்டியது அந்த மாதிரித் தவறு, பிடித்தது.

பிறகு அறிக்கையையே எடுத்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நாங்கள் தருவது நியாயமான உறுதி. உயர்ந்த அளவு உறுதிதான், ஆனால் பெரிய தவறு இருந்தால் எப்போதும் கண்டுபிடித்துவிடுவோம் என்ற உத்தரவாதம் கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சொத்தைப் பாதுகாப்பதும் மோசடியைத் தடுப்பதும் கண்டுபிடிப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்றும் இருக்கிறது. எடை, பில், ரொக்கம் மூன்றும் ஒரே அறையில் இரண்டு பேர் கையில் இருப்பது ஆபத்து என்று ஆடிட் முடிவில் தனிக்கடிதமே கொடுத்திருந்தோம். அது அவர் பைலில் பிரிக்காத கவரில் இருந்தது. ஆனால் இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல பக்க ஆங்கில அறிக்கை, வருடா வருடம் ஏறக்குறைய அதே வாசகம். எங்கள் தொழிலே அதை வாடிக்கையாளர் படிப்பார் என்று எதிர்பார்த்து எழுதுவதில்லை.

கடைசியாக அவர் கேட்டது நல்ல கேள்வி. "கம்ப்யூட்டர்ல அடுக்கிப் பாத்ததும் தெரிஞ்சுதே, அதை ஆடிட்லயே செஞ்சா என்ன?" செய்யலாம், எந்தத் தரநிலையும் தடுக்கவில்லை. ஆனால் இந்த மோசடி எடைமேடையில் என்று தெரிந்த பிறகுதான் எடைமேடைப் பதிவை அடுக்கினோம். டீசலிலோ கூலியிலோ நடந்திருந்தால் வேறு எதையோ அடுக்கியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் முழுதாகப் பார்க்கிற வேலைக்கு அவர் தரும் கட்டணம் ஓர் ஆளின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் காணாது.

அதனால் அடுத்த சீசனுக்கு, மே மாதத்துக்கு முன்பே, ஆடிட்டுக்கு வெளியே தனி ஒப்பந்தக் கடிதம் போட்டோம். வாரா வாரம் எடைச்சீட்டு வரிசை எண்ணில் விடுபட்டது எது, ஒரே வண்டி குறைந்த இடைவெளியில் இரண்டு முறை ஏறியது எது என்று எங்கள் ஆபீசில் வேலை பார்க்கும் பையன் எடுத்துத் தருவான். அவர் பொறுக்கித் தரும் விவசாயிகளுக்குப் போன் செய்து லோடு எண்ணிக்கையைக் கேட்பான். கண்டதை மட்டும் எழுதிக்கொடுப்போம். கணக்கு சரி, தப்பு என்ற கருத்து அதில் இருக்காது. பணம் பாங்குக் கணக்குக்கு மட்டும் போகவேண்டும் என்பதை அவரே உத்தரவாகப் போட்டார். சில விவசாயிகள் முணுமுணுத்து வேறு தொழிற்சாலைக்குப் போனார்கள்.

முதல் வாரமே ஒரு வண்டி இரட்டைப் பதிவு வந்தது. விசாரித்தால், தார்ப்பாயை எடுக்காமல் எடை போட்டுவிட்டு மறுபடி போட்டிருக்கிறார்கள்; பில் ஒன்றுதான். அதையும் அப்படியே எழுதிக்கொடுத்தோம். இந்தமுறை கடிதத்தை முழுதாகப் படித்திருந்தார் போல. "இதுல மாங்கொட்டை, தோல் விக்கிற காசு வரலையே சார்?" என்றார். வராது அண்ணா, கடிதத்தில் அது இல்லை என்றேன். அதையும் சேர்த்துப் புதுக் கடிதம் போட எவ்வளவு ஆகும் என்று பேரம் ஆரம்பித்தார்.