ஒரு சேலைக் கடையின் படக்குறிப்புகளை முதியவர்களுக்காக மாற்றி எழுதிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் சித்தி நடத்தும் சேலைக் கடையின் முகநூல் பக்கத்தையும் புலனக் குழுவையும் நான் கவனித்துக்கொள்கிறேன். கடையின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மேல், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியும் செம்பனைத் தோட்டத்தில் உழைத்தும் ஓய்வு பெற்று, இப்போது பிள்ளைகளோடு தாமான் வீடுகளில் இருக்கும் பெண்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் என்பதால் தமிழை நன்றாகவே வாசிப்பார்கள். கைப்பேசியும் கையில் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் ஒரு சேலைப் படத்தைப் போட்ட சிறிது நேரத்தில், விலை என்ன, சேலை கடையில் இருக்கிறதா, ரவிக்கைத் துணி சேர்த்தா என்ற கேள்விகள் குரல் பதிவுகளாக வரத் தொடங்கிவிடும். 2025 தீபாவளி வியாபாரம் தொடங்குவதற்கு முன் இந்தப் படக்குறிப்புகளை மாற்றி எழுதிப் பார்க்கலாம் என்று சித்தியிடம் சொன்னேன்.

எங்களைப் போன்ற சிறு கடைகளில், மொத்த வியாபாரி படத்தோடு அனுப்பும் வாசகத்தையே கொஞ்சம் மாற்றி ஒட்டுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்ட குறிப்பு இப்படி இருந்தது: "நியூ அரைவல்! செமி சாஃப்ட் சில்க், கான்ட்ராஸ்ட் பல்லு, ரன்னிங் ப்ளவுஸ். ப்ரீ ஆர்டர் 3 வாரம். டெபாசிட் 50, நான் ரீஃபண்டபிள். போஸ்டேஜ் எஸ்எம் 10, எஸ்எஸ் 18. விலைக்கு பிஎம். ஸ்லாட் லிமிடெட்." இணையத்தில் அடிக்கடி வாங்குபவர்களுக்கு இதில் தடங்கல் எதுவும் இல்லை. எஸ்எம் என்றால் தீபகற்பம், எஸ்எஸ் என்றால் சபாவும் சரவாக்கும் என்பது அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி.

மாற்றுவதற்கு முன்னால், கடைக்கு வந்த சில அம்மாமார்களிடம் அவரவர் கைப்பேசியிலேயே இந்தக் குறிப்பைத் திறந்து காட்டி, வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும் புரிந்ததா என்று கேட்பதில் பயனில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே புரிந்தது என்று சொல்லிவிடுவார்கள். அதனால், "இந்தச் சேலை உங்களுக்கு வேண்டும் என்றால் அடுத்து என்ன செய்வீர்கள், அம்மா?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர், "நாளைக்குப் பசாருக்கு வர்றப்ப அம்பது வெள்ளி கொண்டாந்து வாங்கிக்கிறேன், எடுத்து வைம்மா" என்றார். ஒரே பதிலில் குறிப்பின் இரண்டு ஓட்டைகள் தெரிந்துவிட்டன. முதல் வரி புதிதாக வந்திருக்கிறது என்று அறிவித்ததால், சேலை கடையில் தொங்குகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் என்பது பிறகு வந்தும் அந்த எண்ணத்தை அழிக்கவில்லை. குறிப்பில் விலையே இல்லாததால், கண்ணில் பட்ட முதல் பெரிய எண்ணான ஐம்பதை அவர் விலையாக்கிக்கொண்டார். அந்தச் சேலையின் விலை 160 வெள்ளி.

விலையைத் தனிச் செய்தியில் கேட்கச் சொல்லும் வழக்கத்தை முதலில் விட்டோம். சித்திக்கு அதில் தயக்கம் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துவிட்டு ஐந்து வெள்ளி குறைத்துப் போடுவார்கள் என்பது அவருடைய கவலை. ஆனால் இணையத்தில் விற்பவர்கள் போக்குவரத்துச் செலவு உட்பட முழு விலையையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்பது மின்வணிக விதிமுறைகளிலேயே இருக்கிறது. "பிஎம் தெப்பி" என்று எழுதி விலையை மறைப்பது குற்றம் என்று உள்நாட்டு வாணிப அமைச்சும் எச்சரித்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் முறை வாங்கும் ஒருவர், விலை தெரியாத பொருளைப் பற்றி முன்பின் அறியாத கடைக்குச் செய்தி அனுப்பத் துணிவதில்லை. கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மரியாதையாக இருக்காது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்.

அடுத்து, சொற்களை மாற்றும் வேலை. ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டால் எளிமையாகிவிடும் என்று என் தோழி ஒருத்தி நம்பினாள். அவள் யோசனைப்படி எழுதிய ஒரு வடிவத்தில் முன்பதிவு, வைப்புத்தொகை, மீளளிப்பு, விரைவுக் குறியீடு என்ற சொற்கள் இருந்தன. அதை வாசித்த அம்மாமார்கள் முந்தைய வடிவத்தைவிட அதிகமாகத் திணறினார்கள். டெபாசிட் என்ற சொல் வீட்டு வாடகையிலிருந்து அவர்களுக்குப் பழக்கம். மீளளிப்பு என்பதை அவர்கள் எங்கும் கேட்டதில்லை. ஆகவே சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தச் சொல் குறிக்கும் செயலையே எழுதினேன். "ப்ரீ ஆர்டர்" இருந்த இடத்தில், "சேலை இப்போது கடையில் இல்லை. நீங்கள் கேட்ட பிறகு இந்தியாவிலிருந்து வரவழைப்போம்" என்று வந்தது. ஒரு சொல் இரண்டு வாக்கியமாக நீண்டது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு கேள்வி எழவில்லை.

வாக்கியத்தைச் சுருக்குவதில் நான் எதிர்பாராத ஒரு சிக்கல் இருந்தது. "முன்பணம் 50. மீதி பிறகு. 3 வாரம்." இதைவிடக் குறுகலாக எழுத முடியாது. ஆனால் இதில் வினைச்சொல்லே இல்லை என்பதால், யார் யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்பதை வாசிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று வாரம் என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்றும் தெரியவில்லை. இன்னொரு பக்கம், "50 வெள்ளி செலுத்தி உறுதி செய்பவர்களுக்குச் சேலை வந்து சேர்ந்ததும் தகவல் தெரிவிக்கப்பட்டு, மீதத்தொகை பெறப்பட்ட பின் அனுப்பி வைக்கப்படும்" என்று எழுதினால், வினை கடைசியில் வரும்வரை எல்லாவற்றையும் மனத்தில் சுமக்க வேண்டும். அதற்குள் திரையை ஒருமுறை நகர்த்தியிருப்பார்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று, அதைச் செய்பவர் நீங்களா நாங்களா என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்ற அளவில் நின்றுகொண்டேன். வாரக் கணக்கை எடுத்துவிட்டுத் தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதினேன். தோட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் எந்தத் தேதியையும் கிழமையோடு சேர்த்துத்தான் நினைவில் வைக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

சித்தியோடு வாக்குவாதம் வந்தது "செமி சாஃப்ட் சில்க்" விஷயத்தில். அதை எளிய தமிழில் சொன்னால், இது அசல் பட்டு இல்லை, வேறு நூல் கலந்தது என்றுதான் சொல்ல வேண்டும். "நம்ம சரக்கை நம்மளே குறை சொல்றதா?" என்று கேட்டார். ஆனால் வாசித்துக் காட்டியபோது பல அம்மாமார்கள் சில்க் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பேத்தியின் சடங்குக்குப் பட்டுச் சேலை மலிவாகக் கிடைக்கிறது என்றே முடிவு செய்ததை நான் அவரிடம் சொன்னேன். புரியாத சொல் சில நேரங்களில் விற்பனைக்கு வசதியாக இருக்கிறது. அந்த வசதியை விட்டுக்கொடுக்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் எளிமைப்படுத்தும் வேலை அங்கேயே நின்றுவிடும். கடைசியில், குறையைச் சொல்லும் வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே எடை குறைவு என்ற உண்மையான நன்மையையும் வைக்கலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். ரன்னிங் ப்ளவுஸ் என்பதையும் இப்படித்தான் விரித்தோம். ரவிக்கைத் துணி சேலையின் ஒரு முனையிலேயே சேர்ந்து வரும் என்பது தெரியாமல், தைத்த ரவிக்கை கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு குறிப்பு இந்த வடிவத்துக்கு வந்தது:

"இந்தச் சேலை 160 வெள்ளி. சேலை இப்போது கடையில் இல்லை. நீங்கள் கேட்ட பிறகு இந்தியாவிலிருந்து வரவழைப்போம்.

செப்டம்பர் 20, சனிக்கிழமைக்குள் எங்களிடம் சொல்லுங்கள். அக்டோபர் 11, சனிக்கிழமைக்குள் சேலை வந்துவிடும்.

இது அசல் பட்டு இல்லை. பட்டைப் போல மினுங்கும். எடை குறைவாக இருக்கும். ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்தே வரும். அதை நீங்கள் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் 50 வெள்ளி கட்டுங்கள். சேலை வந்ததும் மீதி 110 வெள்ளி கட்டுங்கள். கடைக்கு வந்து வாங்கலாம். வீட்டுக்கு அனுப்ப 10 வெள்ளி ஆகும். சபா, சரவாக் என்றால் 18 வெள்ளி ஆகும்.

நீங்கள் வேண்டாம் என்றால் அந்த 50 வெள்ளி திரும்பக் கிடைக்காது. எங்களால் சேலை தர முடியாவிட்டால் 50 வெள்ளியைத் திருப்பித் தருவோம்."

விலையும், சேலை கடையில் இல்லை என்பதும் முதலிலேயே வருவதற்கு ஒரு காரணம் உண்டு. முகநூல் நீண்ட குறிப்பின் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மடித்துவிடுகிறது. மடிப்பைத் திறக்க அங்கே தட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. எனவே திறக்காமலே போகிறவருக்கும் தவறான எண்ணம் வராதபடி இருக்க வேண்டும் என்பதை வரிசைக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டேன். கடைசி வாக்கியம், சித்தியின் வழக்கத்தில் ஏற்கெனவே இருந்தும் எங்கும் எழுதப்படாத ஒன்று. முதல் முறை வாங்குபவர் தன் பணம் என்ன ஆகும் என்று கேட்கக் கூச்சப்படும் இடம் அது.

பணம் கட்டும் முறையைப் படக்குறிப்பில் சேர்க்காமல், சேலை வேண்டும் என்று சொன்னவர்களுக்குத் தனியாக அனுப்பினோம். அதில் முக்கியமான வாக்கியங்கள் இவை: "பணம் போவதற்கு முன் திரையில் ஒரு பெயர் வரும். அது எங்கள் கடையின் பெயராக இருக்க வேண்டும். வேறு பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். எங்களை அழையுங்கள்." டூயிட்நவ் வழியாக அனுப்பும்போது பெறுநரின் பெயர் உறுதிப்படுத்தும் திரையில் தோன்றும் என்பதை, மகன் அல்லது மருமகள் துணையோடு மட்டுமே பணம் அனுப்பிவந்த பலர் கவனித்ததே இல்லை. ஏமாற்றுக்காரர்களைப் பற்றிய செய்திகளைக் கேட்டுக் கேட்டுப் பயந்திருப்பவர்களுக்கு, நம்புங்கள் என்று எழுதுவதைவிட எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுவது உதவியது.

விலையைக் கேட்கும் குரல் பதிவுகள் அந்தப் பருவத்தில் நன்றாகக் குறைந்தன. கேள்விகள் நின்றுவிடவில்லை, நிறம் படத்தில் இருப்பது போலவே இருக்குமா, மருமகளுக்கு இந்த நீளம் போதுமா என்று அவை மாறின. இவை படக்குறிப்பால் தீராதவை. நிறத்துக்கு மட்டும், கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டாவது படத்தைச் சேர்க்கிறோம்.

இளம் வாடிக்கையாளர்கள் சிலர் குறிப்பு நீளமாகிவிட்டது என்றார்கள். அவர்கள் தேடுவது "செமி சாஃப்ட் சில்க்" என்ற வணிகப் பெயரைத்தான் என்பதால், அதை எடுத்துவிட்டால் தேடலில் எங்கள் சேலை அகப்படாமல் போகும் என்று சித்தி சொன்னது நியாயம். அந்தப் பெயரை, "கடைகளில் இதை செமி சாஃப்ட் சில்க் என்பார்கள்" என்ற முழு வாக்கியமாகக் கடைசி வரியில் வைத்திருக்கிறோம். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு அதே உள்ளடக்கத்தை மலாயில் தனிப் பதிவாகப் போடுகிறோம். ஒரே குறிப்பில் இரண்டு மொழியையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தபோது, முதியவர்கள் மலாய் வரியில் நின்று, தமிழ் அங்கேயே முடிந்துவிட்டது என்று எண்ணிப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள்.