இரவுப் பிரசவமும் ஒன்பதாம் மாத ரத்தப் பரிசோதனையும்

தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்றால், குழந்தை பிறந்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அதிலிருந்து 12 மணி நேரத்துக்குள் இரண்டு ஊசிகள் போட்டாக வேண்டும்: ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின்.

இரவு 11.40-க்கு 1,850 கிராம் எடையில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடுப்பூசி வார்டு ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. இம்யூனோகுளோபுலின் காலையில்தான் கைக்கு வரும். இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்று தடுப்பூசியையும் நிறுத்திவைப்பார்கள். எடை குறைவு என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும். இரண்டுமே தவறு. தடுப்பூசி உடனே போகட்டும். இம்யூனோகுளோபுலின் 0.5 மி.லி. காலை 11.40-க்குள் போகட்டும். அது தயார்நிலையில் உள்ள ஆன்டிபாடி. குழந்தையின் உடல் சொந்தமாக உருவாக்கிக்கொள்ளும் வரை காவல் காக்கும். தாயின் ரிசல்ட் தாமதமாகத் தெரியவந்தால்கூட ஏழு நாள் வரை போடலாம். ஆனால் நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

அடுத்த சிக்கல் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்தவுடன் போட்ட டோஸ் கணக்கில் சேராது. அதன் பிறகு ஒரு மாதத்தில் தொடங்கி மூன்று டோஸ் வேண்டும். சீட்டில் “முதல் டோஸ் போட்டாயிற்று” என்று மட்டும் எழுதி அனுப்பினால், அடுத்து பார்ப்பவர் அதையும் எண்ணி ஒரு டோஸைக் குறைத்துவிடுவார். எடையையும் “இந்த டோஸ் கணக்கில் இல்லை” என்பதையும் சேர்த்து எழுத ஒரு வரி போதும்.

பெற்றோர் அவசரப்படுவது குழந்தைக்குத் தொற்று வந்ததா என்ற ரிசல்ட்டுக்குத்தான். அவசரம் நியாயமானது, ஆனால் முன்கூட்டியே எடுத்த ரத்தம் இரு பக்கமும் ஏமாற்றும். தடுப்பூசி போட்ட சில வாரங்களுக்குள் பார்த்தால், அந்த ஊசியில் உள்ள ஆன்டிஜெனே பாசிட்டிவ் காட்டக்கூடும். ஐந்தாம் மாதத்தில் ஆன்டிபாடி பார்த்தால், தெரிவது இம்யூனோகுளோபுலினின் மிச்சமாக இருக்கலாம். அதனால் 9 முதல் 12 மாதத்துக்குள், கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, தொற்றைக் காட்டும் எச்பிஎஸ்ஏஜி, பாதுகாப்பைக் காட்டும் ஆன்டி-எச்பிஎஸ் இரண்டையும் பார்க்க வேண்டும். ஆன்டி-எச்பிசி இந்த வயதில் வேண்டாம்; தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி இரண்டு வயது வரைகூடத் தங்கி வீண் பீதியைக் கிளப்பும்.

நம் 1,850 கிராம் குழந்தைக்குக் கடைசி டோஸ் எட்டாம் மாதத்துக்குத் தள்ளிப்போனது என்றால், பரிசோதனை பத்தாம் மாதம். எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆன்டி-எச்பிஎஸ் 6 mIU/mL என்று வருகிறது. தொற்று இல்லை, ஆனால் 10-க்குக் கீழே இருப்பதால் பாதுகாப்பும் உறுதியில்லை. இன்னொரு டோஸ் போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் 10-ஐத் தொடவில்லை என்றால், மேலும் இரண்டு டோஸ் போட்டு இரண்டாம் சுற்றை முடித்து, மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.