எழுவாய் கடைசியில்

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

குறுந்தொகையின் 3ஆம் பாட்டு. நான்கு அடியும் ஒரே வாக்கியம். எது பெரிது என்று தேடினால் விடை கடைசிச் சொல்லில் இருக்கிறது: நட்பு. அதுதான் எழுவாய். பயனிலைகள் மூன்றும் (பெரிது, உயர்ந்தன்று, ஆரளவின்று) அதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

அப்புறம் ‘சாரல்’ முதல் ‘இழைக்கும்’ வரை? அது முழுக்க ‘நாடன்’ என்ற சொல்லுக்கு அடைமொழி. ‘கொண்டு’ வினையெச்சம், ‘இழைக்கும்’ என்பதில் முடிகிறது. ‘இழைக்கும்’ பெயரெச்சம், நாடனில் இருக்கும் நாட்டைத் தழுவுகிறது. தேன் இழைப்பவன் நாடன் இல்லை, பாட்டில் பெயரே சொல்லப்படாத தேனீக்கள். அவை தேன் இழைக்கும் நாட்டுக்காரன் அவன்.

நான் பல நாள் வழுக்கி விழுந்த இடம் ‘உயர்ந்தன்று’. ‘உயர்ந்தது அன்று’ என்று எதிர்மறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது ‘உயர்ந்தது’ என்பதன் பழைய வடிவம். ‘அன்’ வெறும் சாரியை. பக்கத்திலேயே இருக்கும் ‘ஆரளவின்று’ம் அப்படித்தான்: ‘அளவு இல்லை’ என்று தோன்றினாலும், அளக்க அரிய அளவு உடையது என்றே பொருள். பொல்லாத ஜோடி!