மிட்டில் கோர்ஸ்: வெற்றி நேரக் கணக்கு

மே 4
வரைபடத்தைப் பார்த்துக் காட்டில் வழி கண்டுபிடித்து ஓடும் ஓரியன்டீரிங் போட்டிக்கு ஒரு கோர்ஸ் போடுகிறோம். தெற்கு பின்லாந்துக் காடு, 1:10000 வரைபடம், ஆண்கள் எலீட் பிரிவு, நடுத்தர தூரமான மிட்டில். வெல்பவர் 35 நிமிடத்தை ஒட்டி முடிக்க வேண்டும். ஓட்டக்காரர்கள் வரிசையாகப் போய்த் தொட வேண்டிய இடங்கள்தான் கண்ட்ரோல். ஸ்டார்ட்டிலிருந்து கண்ட்ரோல் கண்ட்ரோலாக நேர்கோட்டில் அளந்தால் 52 சென்டிமீட்டர், அதாவது 5.2 கிமீ. போட்டித் தாளில் அச்சாகும் நீளம் இதுதான். ஏரி, ஏற முடியாத பாறை, தடைசெய்த பகுதி போன்றவை குறுக்கிட்டால் மட்டும் கோடு வளையும்.

நேரக் கணக்குக்கு இது போதாது. யாரும் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை. ஒரு கண்ட்ரோலிலிருந்து அடுத்ததுக்கு நல்ல ஓட்டக்காரர் எந்த வழியை எடுப்பார் என்று லெக் லெக்காக வரைந்து அளந்ததில் 5.5 கிமீ வந்தது. இனி எல்லாக் கணக்கும் இந்த 5.5-க்குத்தான்.

மே 11
பாதையில் ஓடுவதைப் போல எத்தனை மடங்கு நேரம் ஒவ்வொரு நிலத்திலும் ஆகும் என்ற காரணிகளை எடுத்தாயிற்று. ஒரே ஆள், ஒரே முயற்சியில், பாதையில் 500 மீட்டர், பிறகு கல்லும் புளூபெர்ரிப் புதரும் நிறைந்த ஸ்ப்ரூஸ் காட்டில் 500 மீட்டர். பாதையில் 2:30, காட்டில் 4:00. வகுத்தால் 1.6. இரண்டையும் அவரே ஓடுவதால் அவருடைய வேகம் கணக்கிலிருந்து பெரும்பாலும் விழுந்துவிடும், நிலத்தின் தாமதம் மட்டும் நிற்கும். முழுக்க விழாது: கல்தரையில் எலீட் ஆட்களின் கால் இன்னும் லாவகமாகப் போகும், அதனால் இப்படிக் கிடைக்கும் காரணி கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

இதே முறையில் காய்ந்த பைன் காடு 1.3, சதுப்பு 1.8.

வரைபடத்தில் வெளிர் பச்சையாக இருக்கும் பகுதியை ஓடிப் பார்க்கவில்லை. அது ஓட்ட வேகம் 60 முதல் 80 சதவீதமாகக் குறையும் இடம் என்று வரைபடக் குறியீட்டு விதியே சொல்கிறது. நடுவில் 70 சதவீதம் வைத்தேன். இங்கே பலர் சறுக்குவார்கள்: சதவீதம் வேகத்துக்கு, நமக்கு வேண்டியது நேரம். எனவே 0.7-ஆல் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். அந்த 70 சதவீதமும் பாதையில் ஓடும் வேகத்தில் இல்லை, தடையில்லாத காட்டில் ஓடும் வேகத்தில். இங்கே அது பைன் காடு, ஆகவே 1.3 ÷ 0.7 = 1.86.

மே 12
வெல்பவரின் பாதை வேகத்தைக் கிமீக்கு 3:30, அதாவது 210 வினாடி என்று வைத்துப் போட்ட கணக்கு:

```
பைன் காடு     2.4 x 210 x 1.3  =  655
ஸ்ப்ரூஸ்      1.9 x 210 x 1.6  =  638
சதுப்பு       0.6 x 210 x 1.8  =  227
வெளிர் பச்சை  0.3 x 210 x 1.86 =  117
பாதை          0.3 x 210 x 1.0  =   63
                        மொத்தம்  1700 வினாடி
```

இதோடு ஏற்றம். 170 மீட்டர் ஏறுகிறார்கள். ஒரு மீட்டர் ஏற்றத்தை 8 மீட்டர் சமதளப் பாதையாக எண்ணினால் 1.36 கிமீ, 286 வினாடி. கண்ட்ரோல் 18, ஒவ்வொன்றிலும் தாளைப் பார்த்துத் திரும்ப 5 வினாடி என்றால் 90. எல்லாம் சேர்த்து 2076 வினாடி, 34:36.

அளவில் 100 மீட்டர் பிசகினால் இந்தக் காட்டில் அரை நிமிடம்தான் போகும். ஸ்ப்ரூஸ் காரணியில் 0.1 பிசகினால் 40 வினாடி. அதனால் ஸ்ப்ரூஸில் வேறு இரண்டு இடங்களில் அந்த 500 மீட்டரை மறுபடி ஓட வைப்பது, தாளில் ஸ்கேலை நகர்த்திக்கொண்டிருப்பதை விடப் பயன் தரும்.

ஜூன் 8
பக்கத்துக் காட்டில் நடந்த பழைய போட்டியின் முடிவை வைத்துச் சரிபார்க்கலாம் என்றொரு யோசனை வந்தது. வெற்றி நேரத்தை நேர்கோட்டு நீளத்தால் வகுத்தால் கிமீக்கான நேரம் கிடைக்கும். சரிபார்க்க நல்ல வழிதான். ஆனால் சுற்றிப்போனது, ஏற்றம், கண்ட்ரோல் நிற்றல் எல்லாமே அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. அதை 5.5 கிமீயோடு பெருக்கி, மேலே ஏற்றத்தையும் சேர்த்தால் ஒரே தாமதத்தை இருமுறை எண்ணியதாகும். நம் கோர்ஸுக்கு அதை 5.2-ஓடு மட்டுமே ஒப்பிட வேண்டும்: 2076 ÷ 5.2, கிமீக்கு 6:39.

ஜூலை 20
மே மாதத்தில் வெறும் தரையாகத் தெரிந்த இடங்களில் பெரணி இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. போட்டி ஆகஸ்டில் என்பதால் பைன் காட்டை இப்போது மறுபடி ஓடிப் பார்த்தோம். பெரணி இல்லாத உயரமான பகுதியில் 1.3 அப்படியே நிற்கிறது. கோர்ஸின் பைன் பகுதி பெரும்பாலும் அங்கேதான்.

ஆகஸ்ட் 3
முழுக் கோர்ஸையும் ஓடிப் பார்த்தவர் எடுத்த நேரம் 46 நிமிடம். எலீட் போட்டிகளில் அவர் வழக்கமாக வெல்பவரை விட 1.3 மடங்கு நேரம் எடுப்பவர். வகுத்தால் 35:23, கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆகஸ்ட் 9
நான்கு நாள் மழை. சதுப்பில் கால் முழங்கால்வரை இறங்குகிறது, காரணி 2.3 ஆகிவிட்டது. 63 வினாடி கூடி 35:39. கண்ட்ரோல் 11-ஐச் சதுப்பின் ஓரத்துக்கு மாற்றுகிறோம். 200 மீட்டர் சதுப்பு போய் 250 மீட்டர் பைன் காடு வருகிறது. தூரம் கூடினாலும் கிட்டத்தட்ட அரை நிமிடம் குறையும்: 35:11.