'நடப்பு வாடிக்கையாளர்' யார்? எல்லா அறிக்கைகளுக்கும் ஒரே வரையறை எழுதிய அனுபவம்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்திலும் வேறு சில பேட்டைகளிலும் கிளைகள் வைத்து மளிகைப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் தரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். கடை விற்பனையோடு கைத்தொலைபேசிச் செயலி வழியாக வரும் இணைய விற்பனையும் எங்களுக்கு உண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் மூன்று தானியங்கி அறிக்கைகள் நிர்வாகத்துக்குப் போகும். மூன்றிலும் 'நடப்பு வாடிக்கையாளர்' என்ற ஒரே தலைப்பு இருந்தது. எண் மட்டும் மூன்றிலும் வேறாக இருந்தது. சந்தைப்படுத்தல் பிரிவின் அறிக்கை கடந்த 30 நாளில் செயலிக்குள் நுழைந்தவர்களை எண்ணியது. கணக்குப் பிரிவின் அறிக்கை அந்த நாட்காட்டி மாதத்தில் ரசீது பெற்றவர்களை எண்ணியது. விநியோகப் பிரிவின் அறிக்கையோ 90 நாளில் பொருள் கேட்டுப் பதிந்த அனைவரையும், பிறகு ரத்து செய்தவர்களையும் சேர்த்து எண்ணியது. மூன்று நிரல்களும் எழுதப்பட்ட விதத்தில் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் எந்த எச்சரிக்கையும் எழவில்லை.

எந்த வரையறை நல்லது என்று பொதுவாகப் பேசத் தொடங்கினால், ஒவ்வொரு பிரிவும் தன் வேலைக்கு ஏற்றதையே சொல்லும் என்பது முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே மூன்று நிரல்களையும் ஒரே இறுதி நாளுக்கு ஓட்டி, எண்ணிக்கையை விட்டுவிட்டு வாடிக்கையாளர் அடையாள எண்களின் பட்டியலை எடுத்தேன். ஒரு பட்டியலில் இருந்து மற்றவற்றில் இல்லாதவர்களைத் தனித்தனியாகப் பிரித்து, அப்படிப் பிரித்த ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து, தொலைபேசி எண்களை மறைத்து, அவர்களுடைய கொள்முதல் வரலாற்றை ஆளுக்கொரு பக்கமாக அச்சிட்டேன். அடுத்த கூட்டத்தில் கேள்வி மாறியது: "இந்த ஆள் நமக்கு நடப்பு வாடிக்கையாளரா, இல்லையா?" முதல் பக்கத்தில் இருந்தவர் ஒரே ஒருமுறை பெரிய மூட்டையாக அரிசி வாங்கி, மறுநாளே முழுவதையும் திருப்பிக் கொடுத்தவர். கணக்குப் பிரிவின் மூத்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, பணம் நம்மிடம் தங்கவில்லையே, இவரை எப்படி எண்ணுவது?" என்றார். அதை யாரும் மறுக்கவில்லை. இப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைத்த விடையையே வரையறையின் ஒரு வாக்கியமாக எழுதிக்கொண்டு போனோம்.

செயலிக்குள் நுழைவதைக் கணக்கில் எடுப்பதா என்பதில்தான் சந்தைப்படுத்தல் பிரிவு நெடுநேரம் விட்டுக்கொடுக்கவில்லை. பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர் நாளை வாங்கக்கூடியவர் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அவர்கள் பட்டியலில் மட்டும் இருந்தவர்களின் பக்கங்களைப் புரட்டியபோது, பலருடைய 'நுழைவு' நள்ளிரவுக்குப் பிறகு சீரான இடைவெளியில் பதிவாகியிருந்தது. செயலி தன் அனுமதியைத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அது நுழைவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் யாரும் கைத்தொலைபேசியைத் தொடவே இல்லை. முடிவில் நடப்பு வாடிக்கையாளர் என்பதற்கு நிறைவேறிய விற்பனை மட்டுமே அடிப்படை என்று எழுதினோம். திரையை உண்மையில் திறந்தவர்களை எண்ணும் அளவுக்குச் 'செயலிப் பயனர்' என்று தனிப்பெயர் கொடுத்தோம். அந்த அளவு அவர்களுக்குத் தேவை. அதற்கு வேறு பெயர் இருந்தால் போதும்.

எத்தனை நாள் என்பதை விருப்பத்துக்கு விடாமல் தரவிலிருந்து எடுக்க முயன்றோம். ஒருவர் வாங்கியதற்கும் மீண்டும் வாங்கியதற்கும் உள்ள இடைவெளிகளைக் கணக்கிடுவது எளிய வழி. ஆனால் திரும்ப வராதவர்களுக்கு இடைவெளியே பதிவாவதில்லை. அதனால் அந்த வழியில் கிடைக்கும் விடை எப்போதும் குறுகியதாகவே இருக்கும். ஓராண்டுக்கு முந்தைய ஒரு மாதத்தில் வாங்கிய அனைவரையும் எடுத்து, அவர்களில் எத்தனை பேர் எத்தனையாவது நாளுக்குள் மறுபடி வந்தார்கள் என்று வரைபடம் போட்டோம். மூன்றாம் மாதம் முடியுமுன் கோடு ஏறக்குறைய தட்டையாகிவிட்டது; அதன்பின் காத்திருந்தாலும் புதிதாகத் திரும்பி வருபவர்கள் மிகக் குறைவு. தீபாவளிக்கு மட்டும் வந்து பலகாரச் சாமான் வாங்குகிறவர்கள் இந்த எல்லைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்காகக் காலத்தை ஓராண்டாக நீட்டினால், விட்டுப் போனவர்களும் ஓராண்டு முழுதும் நடப்பு வாடிக்கையாளராகவே தெரிவார்கள். எனவே பண்டிகை வாடிக்கையாளர்களை வரையறை ஏற்கவில்லை என்பதையும் வெளிப்படையாக எழுதி வைத்தோம்.

மூன்று மாதம் என்று எழுதாமல் 91 நாள் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மாதத்தின் நீளம் மாறும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டு ஊழியர்களுக்குப் பெரும்பாலும் அன்றுதான் ஓய்வு. தேக்கா கிளைகளில் மற்ற நாள்களோடு ஒப்பிட முடியாத கூட்டம் அன்று இருக்கும். 30 நாள் கணக்கு ஞாயிறோ திங்களோ முடிந்தால் அதற்குள் 5 ஞாயிறுகள் இருக்கும். செவ்வாயன்று முடிந்தால் 4 மட்டுமே. ஆகவே தினசரி வரைபடம் ஒவ்வொரு செவ்வாயும் சரிந்து, வாடிக்கையாளர்கள் போய்விட்டதுபோல் காட்டும். 90 நாளிலும் அந்தக் குறை முழுதும் நீங்காது: சனிக்கிழமை முடியும் கணக்கில் 12 ஞாயிறுகளும் மற்ற நாள்களில் முடிபவற்றில் 13 ஞாயிறுகளும் இருக்கும். 91 நாள் என்பது சரியாக 13 வாரம். எந்த நாளில் முடித்தாலும் 13 ஞாயிறுகள்தான்.

நாள் என்பது எந்த நேரப்படி என்பதையும் எழுத வேண்டியிருந்தது. எங்கள் தரவுத்தளம் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. சிங்கப்பூர் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஏப்ரல் 1 காலை 7.30 மணிக்கு வாங்கியவரின் ரசீது மார்ச் 31 இரவு 11.30 என்று பதிவாகியிருக்கும். காலை 8 மணிக்கு முன் நடக்கும் விற்பனை முழுதும் இப்படி முந்தைய நாளுக்குப் போய்விடும். அதைத் திருத்தும்போது, நேரத்தைச் சேமிக்கும் அட்டவணைப் பத்தியின் வகையைக் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நேர வலயம் இல்லாத பத்தியில் `AT TIME ZONE 'Asia/Singapore'` என்று மட்டும் எழுதினால், அது ஏற்கெனவே சிங்கப்பூர் நேரம் என்று எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் மாற்றிவிடும். முதலில் அது பொது நேரம் என்று சொல்லிவிட்டுப் பிறகே மாற்ற வேண்டும். சரியாக மாறியதா என்று பார்க்க, கடை விற்பனையை மணிவாரியாக எண்ணினால் போதும். கடை மூடியிருக்கும் பின்னிரவில் விற்பனை தெரிந்தால் மாற்றம் தவறு.

வாடிக்கையாளர் என்றால் ஓர் ஆள் என்று எல்லோரும் நினைத்துப் பேசினோம். தரவுத்தளத்துக்குத் தெரிந்ததோ உறுதிசெய்யப்பட்ட தொலைபேசி எண் மட்டுமே. ஒரு குடும்பமே அம்மாவின் எண்ணில் புள்ளிகளைச் சேர்க்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பும் ஊழியர் புதிய எண்ணோடு வருகிறார். எண் கொடுக்காமல் ரொக்கத்துக்கு வாங்குகிறவர் பதிவிலேயே இல்லை. இவற்றைச் சரிசெய்ய முயல்வதை விட, 'ஒரு வாடிக்கையாளர் என்பது உறுதிசெய்யப்பட்ட ஓர் எண். எண் இல்லாத விற்பனை இதில் சேராது' என்று எழுதுவதே நேர்மையானது என்று முடிவு செய்தோம். மொத்தமாக வாங்கும் உணவகங்களையும், ஊழியர்களின் கணக்குகளையும், சோதனைக் கணக்குகளையும் விலக்கினோம்.

கையெழுத்தான வரையறை ஒரு பக்கம்தான். அதை அப்படியே தரவுத்தளத்தில் ஒரே இடத்தில் எழுதினோம். அதன் சுருக்கம் இது:

```sql
CREATE VIEW active_customer_v1 AS
SELECT d.as_of_date, s.customer_id
FROM calendar d
JOIN completed_sale s
  ON s.sale_date_sgt >  d.as_of_date - 91
 AND s.sale_date_sgt <= d.as_of_date
WHERE s.net_amount > 0
  AND NOT s.is_excluded
GROUP BY d.as_of_date, s.customer_id;
```

`net_amount` என்பது திருப்பிக் கொடுத்ததைக் கழித்த தொகை. இதனால் ஒரு சிக்கல் எழுந்தது: போன மாதம் வாங்கியவர் இந்த மாதம் பொருளைத் திருப்பினால், ஏற்கெனவே இயக்குநர்களுக்கு அனுப்பிய போன மாத எண் மாறிவிடும். கணக்குப் பிரிவு அதை ஏற்கவே இல்லை. எங்கள் கடையில் 14 நாளுக்குள் பொருளைத் திருப்பலாம் என்பதால், எந்த நாளுக்கான எண்ணும் 14 நாள் வரை தற்காலிகமானது, 15ஆம் நாள் தனி அட்டவணையில் எழுதப்பட்டுப் பின் மாறாது என்று வரையறையில் சேர்த்தோம். அறிக்கைகள் தற்காலிக எண்ணை நட்சத்திரக் குறியோடு காட்டும். கிளைவாரி எண்களைக் கூட்டி மொத்தம் காணக் கூடாது என்பதையும் எழுதினோம். இரண்டு கிளைகளில் வாங்கியவர் இரண்டிலும் எண்ணப்படுவார், மொத்தத்தில் ஒருமுறைதான்.

புதிய எண்ணைப் பழைய எண்களோடு சில வாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டோம். சந்தைப்படுத்தல் பிரிவின் எண் இறங்கியது. முதலாளி காரணம் கேட்டபோது, வித்தியாசப் பட்டியலைக் காட்டி, இத்தனை பேர் தானியங்கி நுழைவு, இத்தனை பேர் வாங்காதவர் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. பழைய மாதங்களையும் புதிய வரையறைப்படி மறுபடி கணக்கிட்டோம். இல்லையென்றால் வரையறை மாறிய நாள் வரைபடத்தில் வீழ்ச்சியாகத் தெரிந்திருக்கும்.

மிகவும் கடினமாக இருந்தது மறைந்திருந்த பழைய நிரல்களைத் தேடிப் பிடிப்பதுதான். விரிதாள்களுக்குள்ளும் குறித்த நேரத்தில் தானாகப் போகும் மின்னஞ்சல்களுக்குள்ளும் அவற்றின் நகல்கள் இருந்தன. எல்லோரிடமும் கேட்டு முடிக்க முடியாது என்று தெரிந்ததால், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, அறிக்கைகள் பயன்படுத்தும் கணக்குக்கு மூல விற்பனை அட்டவணையைப் படிக்கும் அனுமதியை நீக்கினோம். மறைந்திருந்தவை அந்த வாரமே பிழைச் செய்தியோடு வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் புதிய இடத்துக்கு மாற்றினோம். இப்போது ஒவ்வொரு அறிக்கையிலும் எண்ணின் கீழே `active_customer_v1` என்று அச்சாகிறது.

வரையறையை மாற்ற விரும்புகிறவர் யாரை உள்ளே கொண்டுவர விரும்புகிறார், யாரை வெளியே விட விரும்புகிறார் என்பதற்கு உண்மையான கொள்முதல் வரலாறுகளை இணைத்துக் கணக்குப் பிரிவிடம் கொடுக்க வேண்டும். முதல் விண்ணப்பம் விநியோகப் பிரிவிலிருந்து வந்திருக்கிறது: வெளி விநியோகத் தளங்கள் வழியாக வாங்குகிறவர்களையும் எண்ண வேண்டும் என்கிறார்கள். அந்தத் தளங்கள் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை எங்களுக்குத் தருவதில்லை. ஒரே ஆளை மறுமுறை அடையாளம் காண வழி கிடைக்கும்வரை அந்த விற்பனை தனி வரியாகவே இருக்கும் என்று பதில் எழுதியிருக்கிறோம்.